மாசியில் வாங்கும் நெல், அடுத்த மாசியில் நின்று பார்த்தால்

“கிளிநொச்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, காலபோக அறுவடை நேரத்தில் நெல் வாங்கி வைத்து, விலை ஏறும்போது விற்கலாம் என்று இருக்கிறோம். ஆளுக்கு நான்கு இலட்சம் போடுகிறோம். தொடங்குமுன் ‘ஒரு வருடத்தில் இது தோற்றுவிட்டது என்று நினைத்துப் பாருங்கள்’ என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல காரியம் தொடங்கும்போது அப்படிப் பேசுவது வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. இதில் உண்மையிலேயே பயன் இருக்கிறதா? இருந்தால் எப்படிச் செய்வது?”

பயன் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வசனத்தைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தால் ஒன்றும் வராது. பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் சிறு வியாபாரக் குழுக்களோடு நான் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். இந்த முறையைப் பல குழுக்களோடு செய்து பார்த்தோம். முதல் இரண்டு தடவையும் பிழையாகச் செய்தோம். பிறகு செய்தவற்றில் ஒன்று, உங்களுடையதைப் போலவே நெல் வாங்கி வைக்கும் யோசனை. அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

இதைப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் காரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர். 2007 புரட்டாதியில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ சஞ்சிகையில் இதைப் பற்றிச் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். ஆள் இறந்த பின் செய்வது பிரேத பரிசோதனை. அதனால் இறந்தவருக்கு ஒரு பயனும் இல்லை. அதையே திட்டம் உயிரோடு இருக்கும்போது செய்தால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு முன்பே, 1989இல், மிச்செல், ரூசோ, பெனிங்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு விடயத்தைக் கண்டிருந்தார்கள். ஒரு காரியம் நடக்கலாம் என்று சொல்லிக் காரணம் கேட்டால் மனிதர்கள் சொல்வது ஒரு மாதிரி. அது நடந்தே விட்டது என்று உறுதியாகச் சொல்லிக் கேட்டால் சொல்வது வேறு மாதிரி. உறுதியாகச் சொன்னபோது விளக்கங்கள் நீண்டன, குறிப்பான சம்பவங்கள் அதிகமாக வந்தன. காலம் முன்னுக்கா பின்னுக்கா என்பதை விட, முடிவு உறுதி என்பதுதான் அங்கே வேலை செய்தது.

முதல் இரண்டு தடவையும் நாங்கள் தவறவிட்டது இதைத்தான். “இதில் என்ன சிக்கல் வரலாம்?” என்று கேட்டோம். “மழை பிந்தினால் கஷ்டம்தான்”, “விலை எப்படியோ தெரியாது”, “கடவுள் விட்ட வழி” என்று பதில் வந்தது. எல்லாம் உண்மை, ஆனால் ஒன்றையும் கையில் பிடித்து எதுவும் செய்ய முடியாது. “வரலாம்” என்று கேட்டால், வராது என்று சொல்லவே மனம் போகும். “நொடிந்துவிட்டது, கடை பூட்டியாகிவிட்டது, ஏன்?” என்று கேட்டால், வராது என்று சொல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. அப்போதுதான் ஆட்கள் கதை சொல்லத் தொடங்குகிறார்கள்.

வீட்டில் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிவிட வேண்டாம். வாயால் சொன்னது பலித்துவிடும் என்ற பயம் எங்கும் உண்டு. வன்னியில் அதற்கு வேறு கனமும் உண்டு. 2009இல் எல்லாவற்றையும் விட்டு நடந்துவந்த ஒருவரிடம், எல்லாம் போய்விட்டது என்று கற்பனை செய்யுங்கள் என்று கேட்பது விளையாட்டு இல்லை. ஒரு கூட்டத்தில் நான் யோசிக்காமல் அப்படிக் கேட்டுவிட்டேன். வயதான ஓர் அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் இருந்துவிட்டார். அன்று நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு இரண்டு விடயங்களை மாற்றினோம். தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுவோம்: “எல்லோரும் சுகமாக இருக்கிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீடு வாசல் இருக்கிறது. வியாபாரம் மட்டும் மூடிவிட்டது.” சேதம் காசுக்கும் நெல்லுக்கும் மட்டும் என்று எல்லை போட்டுவிடுகிறோம். இரண்டாவது, ‘தோல்வி’ என்ற சொல்லை வாயால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு, அடுத்த வருட மாசி மாதத் திகதி போட்டு, ஏன் மூடினோம் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதம் எழுதுவது எங்களுக்குப் பழகிய காரியம். “அன்புள்ள மச்சானுக்கு” என்று தொடங்கிவிட்டால் மீதி தானாக வரும். அந்தக் கடிதங்களை உடனே எரித்துவிடலாம் என்று சொன்னபோது ஒரு குழுவில் பெரிய நிம்மதி தெரிந்தது. காரணங்களை வேறு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு, கடிதங்களை அடுப்பில் போட்டோம்.

இனி அந்த நெல் குழு. பரந்தன் பக்கம், ஐந்து பேர், இருபது இலட்சம். அவர்களுடைய கணக்கு ஒரு தாளின் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது: மாசியில் கிலோ 100 ரூபாய்க்கு 20,000 கிலோ வாங்குவது, ஐப்பசியில் 130க்கு விற்பது, ஆறு இலட்சம் இலாபம். பழைய மண்டபம் ஒன்றும் வாடகைக்குப் பேசியாகிவிட்டது. முற்பணம் மட்டும் கொடுக்கவில்லை. கூட்டத்துக்குச் சரியான நேரம் அதுதான். கணக்கு எழுதுமுன் வைத்தால் எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாது. முற்பணம் கொடுத்த பின் வைத்தால் யாருக்கும் கேட்க மனம் வராது.

ஆளுக்கு ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொடுத்து, பதினைந்து நிமிடம் யாரும் யாரோடும் கதைக்கக் கூடாது என்றோம். இந்த மௌனத்தை விட்டால் முறையே இல்லை. சேர்ந்திருந்து கதைத்தால் முதலில் வாய் திறக்கிறவருடைய காரணமே எல்லோருடைய காரணமும் ஆகிவிடும். எங்கள் ஊரில் முதலில் வாய் திறக்கிறவர் அநேகமாக மூத்தவர். எழுதச் சிரமப்பட்டவர் ஒருவர் பக்கத்து அறைக்கு வந்து என் காதில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். வாசிக்கும்போது வயதில் இளையவர் முதல், யோசனையைக் கொண்டுவந்த அண்ணை கடைசி. ஒருவர் ஒரு முறைக்கு ஒரு காரணம் மட்டும் வாசிப்பது, சுற்று முடிந்ததும் அடுத்தது. எல்லாம் முடியும்வரை “அதற்கு நான் ஏற்கனவே ஏற்பாடு செய்துவிட்டேன்” என்று யாரும் சொல்லக் கூடாது. அண்ணைக்கு அது பெரிய சோதனையாக இருந்தது.

குழுவில் இளையவர் ஒரு தங்கச்சி. அவருடைய தாயார் அரிசி ஆலை ஒன்றில் நெல் காயவிடும் வேலை செய்தவர். அவருடைய தாளில் இருந்தது ஏறக்குறைய இதுதான்: “நெல் காயவில்லை. மெஷின் வெட்டி நேராக மூடையாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் மழை. எங்களிடம் நான்கு படங்குதான் இருந்தது. காயாத நெல்லை மண்டபத்தில் அடுக்கினோம். பத்தாம் நாள் மூடைக்குள் கை விட்டால் சூடு. அரிசி மஞ்சள் நிறம். ஆலைக்காரர் மணந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.”

அந்த அறையில் இருந்த எல்லோரும் கமக்காரக் குடும்பத்தவர்கள். ஈர நெல் மூடைக்குள் சூடேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். கணக்கில் மட்டும் அது இல்லை. உடனே கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம்.

இயந்திரம் வெட்டிய நெல்லில் ஈரம் 20 வீதம் அளவில் இருப்பது வழக்கம், சில வயல்களில் அதற்கும் மேல். களஞ்சியத்தில் வைக்க 14 வீதமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்; நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும் அளவும் 14தான். 20 வீத ஈரத்தில் 1,000 கிலோ வாங்கினால் அதில் 800 கிலோதான் உலர்ந்த பொருள், மீதி தண்ணீர். அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 930 கிலோ நிற்கும். அதாவது 20,000 கிலோ வாங்கியவர்களிடம் விற்க இருப்பது 18,600 கிலோ. ஒரு மணியைக்கூட எலி தின்னாமலே 1,400 கிலோ வெயிலோடு போய்விடுகிறது. 130 ரூபாய் விலைக்கு அது ஒரு இலட்சத்து எண்பத்திரண்டாயிரம். காய்ந்த நெல் 100 ரூபாய் என்றால், 20 வீத ஈர நெல்லின் பெறுமதி 93. காயவிடும் கூலியை அதிலும் கழிக்க வேண்டும். இந்த 93 என்ற எண்ணை உங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அறுவடை நேரத்து அவசரத்தில், வயல் வரம்பில் நின்று விலை பேசும்போது, தண்ணீரை நெல் விலைக்கு வாங்குவது மிகவும் இலகு.

இரண்டாவது காரணம், பக்கத்து அறையில் என் காதில் சொல்லப்பட்டது. சொன்னவருடைய பெயரைச் சொல்லாமல் நானே வாசித்தேன்: “ஆவணியில் ஒருவருடைய வீட்டில் கல்யாணம் வந்தது. அவர் தன் பங்கைத் திருப்பிக் கேட்டார். மறுக்க முடியவில்லை. விலை விழுந்திருந்த நேரத்தில் நெல்லை விற்றுக் கொடுத்தோம்.” அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யாருடைய மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகப்பன் தானாகவே, “உண்மைதான், எனக்கு ஆவணியில் காசு வேண்டும்” என்றார். சாதாரணக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்திருக்காது. மற்றவர்கள் மரியாதைக்கு வாய் திறந்திருக்க மாட்டார்கள், அவரும் வெட்கத்தில் சொல்லியிருக்க மாட்டார். வேறு இருவர் போடவிருந்தது நகை அடகு வைத்த காசு என்பதும் அதோடு சேர்ந்து வெளியே வந்தது. எட்டு இலட்சம், மாதம் 12,000 ரூபாய் வட்டி, எட்டு மாதத்துக்கு 96,000.

ஆவணியில் விலை விழும் என்று அவர் சொன்னதும் சும்மா இல்லை. சிறுபோக அறுவடை ஆவணி, புரட்டாதியில் சந்தைக்கு வரும். இரணைமடுக் குளத்தின் கீழ் எவ்வளவு விதைத்தார்கள் என்பது மட்டும் பேச்சில்லை; பொலன்னறுவை நெல்லும் அம்பாறை நெல்லும் அப்போது இறங்கும். மாசியிலிருந்து ஐப்பசிவரை விலை ஒரே ஏறுமுகமாகப் போகும் என்றுதான் அண்ணையின் தாள் சொன்னது. உண்மையில் விலை பொதுவாகச் சிறுபோக நெல் வருமுன் ஆனி, ஆடியில் ஒரு தடவை ஏறி, பிறகு இறங்கி, அடுத்த காலபோகத்துக்கு முன் கார்த்திகை, மார்கழியில் திரும்ப ஏறப் பார்க்கும். அந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் அரசாங்கம் அரிசி இறக்குமதிக்குக் கதவைத் திறக்கும் அபாயமும் இருக்கிறது. 2024 மார்கழியில் தனியார் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது நினைவிருக்கும்.

இவை எல்லாவற்றையும் போட்டபின் கணக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 18,600 கிலோ, 130 ரூபாய், ஏறக்குறைய 24 இலட்சத்து 18 ஆயிரம். முதலைக் கழித்தால் 4 இலட்சத்து 18 ஆயிரம். வட்டி 96,000. அதற்கு மேல் காயவிடுதல், ஏற்றி இறக்குதல், சாக்கு, மண்டப வாடகை எல்லாமாக அவர்கள் போட்டது ஒரு இலட்சத்து இருபதாயிரம். நிற்பது இரண்டு இலட்சம். விலை 130க்குப் போகாமல் 115இல் நின்றுவிட்டால் கையை விட்டு எழுபத்தேழாயிரம் போகிறது. ஆறு இலட்சம் என்று வந்தவர்கள் அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டு இருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இருவர் “அப்படியென்றால் விட்டுவிடுவோம்” என்றார்கள். அந்த இடத்தில் கூட்டத்தை முடிக்கக் கூடாது. நொடிந்த கதையை எழுதியதே யோசனையைத் திருத்தத்தான். கதையைக் கேட்டுப் பயந்து வீட்டுக்குப் போனால் ஒரு நல்ல வியாபாரம் தொடங்காமலே போகும். ஆகவே தேநீர் குடித்துவிட்டு மறுபடி இருந்தோம்.

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு குறி, ஒரு திகதி, ஒரு ஆள் என்று எழுதினோம். “கவனமாக இருப்போம்” என்று எழுத விடவில்லை. அது யாருடைய வேலையும் இல்லை. ஈரத்துக்கு: ஈரமானி வைத்து அளக்காத நெல்லை ஏற்றுவதில்லை. மானி வாங்குவதற்குக் காசில்லை என்றால் ஆலையில் இரவல் கேட்பது. மணியைப் பல்லால் கடித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது, நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது என்று சொல்லலாம். ஆனால் 14க்கும் 16க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல் சொல்லாது. அடுக்கிய பின் மூன்று நாளைக்கு ஒருமுறை, நடு அடுக்கில் ஒரு மூடையைத் திறந்து முழங்கைவரை கை விடுவது. சூடு தெரிந்தால் அன்றே வெளியே கொட்டுவது. இதற்குப் பொறுப்பு தங்கச்சி. விலைக்கு: எல்லா நெல்லையும் ஒரே மாதத்தில் விற்பதில்லை. ஆனி 15இல், வாங்கிக் காயவைத்த மொத்தச் செலவுக்கு மேல் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கை விற்றுவிடுவது, இன்னும் ஏறும் என்று பேசக் கூடாது. அந்த விற்பனையிலிருந்து கல்யாண வீட்டுக்காரருடைய பங்கு போகும். அடகுக் காசை எடுத்துவிட்டு, முதலைப் பன்னிரண்டு இலட்சமாகக் குறைத்தார்கள். இலாபக் கனவும் குறைந்தது. அண்ணை கொஞ்சம் வாடினார், ஆனால் தன் கையாலேயே கொப்பியில் திருத்தி எழுதினார்.

அந்த வருடம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாசியில் ஒரு சொட்டு மழை இல்லை. வாங்கி வைத்த படங்குகளில் பாதி பிரிக்கவே இல்லை. ஆனியில் விலை வந்தது, விற்றார்கள், கல்யாணமும் நடந்தது. சேதம் வந்தது வேறு பக்கத்தால். மண்டபத்தின் மேற்குச் சுவரோடு ஒட்டி அடுக்கிய மூடைகளில் அந்துப்பூச்சி விழுந்து, எலியும் சேர்ந்து, பதினொரு மூடை கோழித் தீவனத்துக்குத்தான் போனது. ‘சுவரில் ஒட்டி அடுக்கிவிட்டோம், பின்பக்கம் பார்க்க வழியில்லை’ என்று ஒருவருடைய தாளில் எழுதியிருந்தது! நாங்கள் எல்லோரும் கைதூக்கி, இது சிறிய காரணம் என்று கீழே தள்ளியிருந்தோம். காரணங்களைக் கண்டுபிடிப்பதில் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. எது பெரிது என்று தரம் பிரிப்பதில் எங்களுடைய பழைய நம்பிக்கைகளே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதன் பிறகு நான் கைதூக்க விடுவதில்லை. ஒரு மணி நேர வேலையாலோ சில ஆயிரம் ரூபாயாலோ அடைக்கக்கூடிய ஓட்டை என்றால், பெரிதோ சிறிதோ, அடைத்துவிட்டுத்தான் அடுத்தது. சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஒரு ஆள் போகும் இடைவெளி விடுவதற்கும், மூடைகளுக்குக் கீழே மரத்தட்டு வைப்பதற்கும் எவ்வளவு செலவாகியிருக்கும்?

இந்த முறைக்கு எட்டாதவையும் உண்டு. அறையில் இருப்பவர்களில் ஒருவருக்காவது அரைகுறையாகத் தெரிந்ததைத்தான் அது வெளியே கொண்டுவரும். 2021இன் தொடக்கத்தில் யார் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தாலும், சில மாதங்களில் இரசாயன உரம் தடைசெய்யப்படும் என்று எழுதியிருக்க மாட்டார்கள். 2022இன் டீசல் வரிசையையும் அப்படித்தான். அப்படிப்பட்டவற்றுக்குக் காரணம் தேடிக்கொண்டு இருப்பதில் பயனில்லை. “எதனால் என்று தெரியாது, போட்ட காசு முழுவதும் போய்விட்டது, வீடு நிற்கிறதா?” என்ற கேள்வியை மட்டும் ஒவ்வொருவரும் தனியாகத் தன் வீட்டில் கேட்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு இலட்சம் அப்படித்தான் வந்தது.

தெரிந்தவர்கள் அறையில் இல்லாவிட்டால் அதுவும் வராது என்பதால், உங்கள் ஐந்து பேரோடு இன்னும் இருவரைக் கூப்பிடுங்கள். ஒருவர் நெல் ஏற்றும் லொறிச் சாரதி. எந்த வீதியில் எந்த மாதம் லொறி கிடைக்காது, எந்த ஆலை தராசில் எவ்வளவு கழிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மற்றவர் நெல் காயவிட்டு அனுபவமுள்ள ஒரு பெண். இருவருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பிடிக்காதவர்களையும் கூப்பிடுங்கள், நகை அடகு வைத்துக் காசு போடுவதென்றால், குறிப்பாக அந்த நகை யாருடையதோ அவரை. அவருடைய கடிதத்தை, உங்கள் குழுவில் வயதில் இளையவருடைய கடிதத்துக்கு அடுத்ததாக வாசியுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கொடுப்பதை அதற்கு அடுத்த நாளுக்குத் தள்ளி வையுங்கள். கொப்பியைப் பூட்டி வைக்காமல் களஞ்சியக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிடுங்கள். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு ஒரு தடவையும், விற்பனைக்கு நீங்கள் குறித்த திகதிக்கு முதல் நாள் ஒரு தடவையும் எல்லோரும் நின்று வாசித்துப் பார்த்தால் போதும்.